ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கட்டணம், ரத்து செய்த பிறகும் கட்டணம்: ஸ்ட்ரீமிங் நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

கிரெடிட் கார்டு கணக்கைப் பார்க்கும்போது ஒரே ஸ்ட்ரீமிங் சேவையின் பெயர் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் நிற்கிறது. தொகையும் ஒன்றே. அடுத்த மாதம் பார்த்தால், சந்தாவை நிறுத்திய பிறகும் இன்னொரு வரி. மொத்தம் ஐம்பது சொச்சம் ரிங்கிட்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்களிலும் பலர், "என்னிடம் தேவையில்லாமல் பணம் எடுத்துவிட்டீர்கள், திருப்பிக் கொடுங்கள்" என்று கோபமாக ஒரு வரி எழுதி அனுப்புகிறார்கள். அதற்கு ஒரு தானியங்கிப் பதில் வரும். கதை அதோடு முடிந்துவிடும்.

இந்த மாதிரி மின்னஞ்சல்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இரண்டு வேறு பிரச்சினைகளை அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இரட்டைக் கட்டணம் என்பது கணக்குப் பிழை. அதற்கு வங்கிக் கணக்கறிக்கையே சாட்சி. ரத்து செய்த பிறகும் வந்த கட்டணம் என்பது தேதி பற்றிய தகராறு. நீங்கள் எப்போது நிறுத்தச் சொன்னீர்கள் என்பதைக் காட்டினால்தான் அது நிற்கும். இரண்டையும் பிரித்து எழுதினால், ஒன்று இழுபறியானாலும் மற்றது உடனே தீர வாய்ப்பு உண்டு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனில் வேலை செய்யும் ஒருவர் மாதம் 25 ரிங்கிட் சந்தா கட்டுகிறார். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. தொடக்கத்தில் 6 விழுக்காடாக இருந்த அது, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆக, கார்டில் ஏறும் தொகை 27 ரிங்கிட். பிப்ரவரி 8-ஆம் தேதி புதுப்பிக்கும்போது பக்கம் தொங்கிவிட்டது. அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். கணக்கில் 27 ரிங்கிட் இரண்டு முறை ஏறியது. மார்ச் 5-ஆம் தேதி இரவு உதவி மையத்தின் சேட்டில் போய் சந்தாவை நிறுத்தச் சொன்னார். "நிறுத்திவிட்டோம்" என்று பதிலும் வந்தது. ஆனால் மார்ச் 8-ஆம் தேதி மீண்டும் 27 ரிங்கிட் போனது. அவர் கேட்க வேண்டியது 54 ரிங்கிட்.

எழுதுவதற்கு முன்: அது உண்மையிலேயே இரட்டைக் கட்டணமா?

இரண்டு வரி தெரிந்ததும் அவசரப்பட வேண்டாம். முதலில் வங்கிச் செயலியில் அந்த வரிகளின் நிலையைப் பாருங்கள். ஒன்றில் "Pending" என்று இருந்தால், பணம் இன்னும் போகவில்லை என்று பொருள். கார்டு செல்லுமா என்று சோதிக்க நிறுவனம் அந்தத் தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கமாகச் சில நாளில் அது தானே மறைந்துவிடும். இரண்டு வரியும் "Posted" என்று ஆகி, மாதாந்திர அறிக்கையிலும் ஏறிவிட்டால்தான் அது புகாருக்கு உரிய விஷயம்.

அடுத்து, ஸ்ட்ரீமிங் சேவைக்குள் உங்கள் கட்டண வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வங்கியில் இரண்டு வரி, அங்கே ஒரே ரசீது என்றால் அது உண்மையான இரட்டைக் கட்டணம். வங்கியில் இரண்டு வரி, அங்கேயும் ஒரு ரசீதுதான், ஆனால் வீட்டில் வேறொருவர் அதே கார்டை வைத்து வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு திறந்திருக்கிறார் என்றால் அது இரட்டைக் கட்டணம் ஆகாது. அது இரண்டாவது சந்தா. தம்பியோ தங்கையோ இலவச மாத ஆசையில் திறந்துவிட்டு மறந்த கணக்கு இப்படித்தான் வெளியே வரும். புகார் எழுதும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக, யார் பணம் எடுத்தது என்று பாருங்கள். அறிக்கையில் "APPLE.COM/BILL" அல்லது "GOOGLE" என்று தொடங்கும் பெயர் இருந்தால், நீங்கள் அந்தச் செயலிக் கடை வழியாகச் சந்தா கட்டியிருக்கிறீர்கள். அப்போது பணம் அவர்களிடம்தான் இருக்கும். ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்கு எழுதினால் "எங்களால் முடியாது" என்றுதான் பதில் வரும். ஆப்பிள் வழியாகக் கட்டியவர்கள் reportaproblem.apple.com என்ற பக்கத்தில் கேட்க வேண்டும். தொலைபேசி பில்லில் சேர்ந்து வந்தால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

ரத்து செய்தது ஏன் சில நேரம் பதிவாவதில்லை?

மிகப் பொதுவான காரணம், செயலியை நீக்கினால் சந்தாவும் போய்விடும் என்ற நினைப்பு. போகாது. செயலி போனில்தான் இருக்கிறது. சந்தா நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கார்டு தொலைந்து புதிய எண் வாங்கினாலும் சந்தா நிற்கும் என்று சொல்ல முடியாது. விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகளில் புதிய எண்ணை வணிகர்களுக்குத் தெரிவிக்கும் வசதி இருப்பதால், சில கார்டுகளில் கட்டணம் தொடர்ந்து போகும்.

இன்னொரு காரணம், ரத்து செய்யும் பாதையே நீளமாக இருப்பது. முதல் பொத்தானை அழுத்தியதும் "போகாதீர்கள், பாதி விலை" என்று ஒரு பக்கம் வரும். அதற்கடுத்து "ஏன் போகிறீர்கள்?" என்று ஒரு பக்கம் வரும். கடைசிப் பக்கத்தின் பொத்தானை அழுத்தாமல் மூடிவிட்டால் எதுவும் பதிவாகாது. இது நம் கற்பனை இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. பிரைம் சந்தாவை ரத்து செய்ய 4 பக்கம், 6 சொடுக்கு, 15 தெரிவுகள் தாண்ட வேண்டியிருந்தது என்றது ஆணையம். அந்த நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் "இலியட்". நீண்டு போகும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. அதில் 150 கோடி டாலர் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒதுக்கப்பட்டது. தவறு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை.

நேரக் கணக்கும் காலை வாரிவிடும். மலேசிய நேரம் உலக நேரத்தைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. மார்ச் 8-ஆம் தேதி காலை 7 மணிக்கு நீங்கள் ரத்து செய்தால், உலக நேரப்படி அது மார்ச் 7 இரவு 11 மணி. நிறுவனம் எந்த நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்கிறது என்பது அதன் நிபந்தனைகளில் இருக்கும். ஆப்பிள் வழிச் சந்தாக்களைப் புதுப்பிப்புக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். அதனால் மின்னஞ்சலில் நேரம் எழுதும்போது "மலேசிய நேரம்" என்று சேர்த்தே எழுதுங்கள்.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்?

நம் உதாரணத்தில் உள்ளவர் எழுத வேண்டியது இதுதான். அனுப்பும்போது ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுங்கள். வரிசை மாறக் கூடாது.

பொருள்: பணத்தைத் திரும்பப் பெற இரண்டு கோரிக்கைகள் – பிப்ரவரி 8 மற்றும் மார்ச் 8, மொத்தம் 54 ரிங்கிட்

வணக்கம்.

என் கணக்கு இந்த மின்னஞ்சல் முகவரியில் உள்ளது. கார்டின் கடைசி நான்கு எண்கள்: (எண்கள்).

கோரிக்கை 1: இரட்டைக் கட்டணம். பிப்ரவரி 8-ஆம் தேதி ஒரே மாதச் சந்தாவுக்காக 27 ரிங்கிட் இரண்டு முறை எடுக்கப்பட்டது. இரண்டும் என் வங்கி அறிக்கையில் முழுமையாகப் பதிவாகியுள்ளன. உங்கள் கட்டண வரலாற்றில் ஒரே ரசீதுதான் உள்ளது. இரண்டாவது 27 ரிங்கிட்டைத் திருப்பித் தரவும். இரண்டு பரிவர்த்தனைகளின் குறிப்பு எண்கள் இணைப்பில் உள்ளன.

கோரிக்கை 2: ரத்துக்குப் பின் வந்த கட்டணம். மார்ச் 5-ஆம் தேதி இரவு 9.40 மணிக்கு (மலேசிய நேரம்) உங்கள் உதவி மையத்தின் சேட்டில் சந்தாவை நிறுத்தும்படி கேட்டேன். நிறுத்திவிட்டதாக உங்கள் அலுவலர் உறுதி சொன்னார். ஆனாலும் மார்ச் 8-ஆம் தேதி 27 ரிங்கிட் எடுக்கப்பட்டது. அதன்பின் நான் சேவையைப் பயன்படுத்தவில்லை. இந்த 27 ரிங்கிட்டைத் திருப்பித் தரவும். சந்தா நிறுத்தப்பட்டதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.

இரண்டு தொகையையும் கட்டிய அதே கார்டுக்கு அனுப்பவும். 14 நாளுக்குள் பதில் தரவும். ஒரு கோரிக்கைக்கு மேலும் ஆய்வு தேவைப்பட்டால், மற்றதை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

இணைப்பு: வங்கி அறிக்கையின் பகுதி, கட்டண வரலாற்றுப் பக்கம், சேட் பதிவு.

இதில் கோபம் எங்கும் இல்லை, அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியும் உதவி மைய அலுவலர் தன் திரையில் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு விவரத்தைத் தருகிறது. கடைசி வாக்கியம்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால், ரத்து விவகாரம் முடியும்வரை இரட்டைக் கட்டணமும் கிடப்பில் கிடக்கும்.

வங்கி அறிக்கையின் படத்தை அனுப்பும்போது மற்றச் செலவுகளையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள். கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணையோ பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க எண்ணையோ யார் கேட்டாலும் தர வேண்டாம். பணத்தைத் திருப்பித் தர அவை தேவையே இல்லை. அப்படி யாராவது கேட்டால், நீங்கள் பேசுவது நிறுவனத்திடம் இல்லை, மோசடிக்காரரிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்து செய்ய மறந்தேவிட்டால்?

அப்போது கோரிக்கை 2-ஐ வேறு மாதிரி எழுத வேண்டும். ரத்து செய்ததாகப் பொய் சொல்லாதீர்கள். எந்த நேரம் எந்தப் பக்கத்தில் நுழைந்தீர்கள் என்ற பதிவு அவர்களிடம் இருக்கும். பொய் வெளியானால் நியாயமான கோரிக்கை 1-இன் மதிப்பும் போய்விடும். "புதுப்பிப்பு தேதியைத் தவறவிட்டேன், அதன்பின் எதையும் பார்க்கவில்லை, இந்த ஒரு முறை திருப்பித் தர முடியுமா?" என்று கேளுங்கள். இங்கே நீங்கள் உரிமை கோரவில்லை, சலுகை கேட்கிறீர்கள். புதுப்பித்த ஓரிரு நாளில் கேட்டால், அதன்பின் ஒரு படம்கூடப் பார்க்காமல் இருந்தால், கிடைக்க வாய்ப்பு கூடுதல். மூன்று வாரம் தொடர் பார்த்துவிட்டுக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்தான்.

என்ன பதில் வரும், எப்படிச் சமாளிப்பது?

"எங்கள் கணக்கில் ஒரு கட்டணம்தான் தெரிகிறது" என்ற பதில் அடிக்கடி வரும். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. இரண்டாவது கட்டணம் உங்கள் கணக்கோடு ஒட்டாமல் கட்டணப் பிரிவின் பதிவில் மட்டும் இருக்கலாம். முதல் கட்ட அலுவலருக்கு அந்தப் பதிவு தெரியாமல் போகலாம். வங்கி அறிக்கையில் உள்ள இரண்டு குறிப்பு எண்களையும் மறுபடி எழுதி, கட்டணப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

"எங்கள் நிபந்தனைப்படி கட்டணம் திருப்பித் தரப்படாது" என்றும் சொல்வார்கள். அந்த நிபந்தனை வழக்கமாக, மாதத்தின் நடுவில் நிறுத்தினால் மீதி நாளுக்குப் பணம் இல்லை என்பதைப் பற்றியது. ஒரே மாதத்துக்கு இரண்டு முறை எடுத்த பணத்துக்கு அது பொருந்தாது. இதை ஒரே வரியில் எழுதிப் பதில் அனுப்புங்கள்.

"பணத்துக்குப் பதில் ஒரு மாதம் இலவசம்" என்றால், நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. நிறுத்திய சேவையில் இலவச மாதம் எதற்கு? ஏற்றுக்கொண்டால் சந்தா மறுபடி உயிர் பெற்று, அடுத்த மாதம் கட்டணம் ஏறலாம்.

"அனுப்பிவிட்டோம்" என்று சொல்லியும் பணம் வரவில்லையா? சில வேலை நாள்கள் பொறுங்கள். பிறகும் காணோம் என்றால், அந்தப் பரிவர்த்தனையின் ஏஆர்என் எண்ணைக் கேளுங்கள். அது 23 இலக்கம் கொண்டது. அதை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டு நாணயத்தில் கட்டியிருந்தால், நாணய மாற்று விகிதத்தால் திரும்பி வரும் தொகையில் சில சென் வித்தியாசம் இருக்கும்.

பதிலே வரவில்லை என்றால்?

இங்கேதான் பலர் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் மின்னஞ்சலில் இழுபட்டுக் கொண்டிருக்கும்போது வங்கியின் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இரட்டைக் கட்டணத்துக்கும், ரத்து செய்த பிறகு வந்த சந்தாக் கட்டணத்துக்கும் தனித்தனியாக மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. வங்கி அந்தப் பணத்தை வணிகரிடமிருந்து திரும்பக் கேட்கும் இந்த முறைக்கு சார்ஜ்பேக் என்று பெயர். பொதுவான கெடு 120 நாள். நம் உதாரணத்தில் பிப்ரவரி 8 கட்டணத்துக்கு அது ஜூன் 8-இல் முடிகிறது. மார்ச் 8 கட்டணத்துக்கு ஜூலை 6-இல் முடிகிறது. ஆனால் வங்கியின் கார்டு ஒப்பந்தத்தில், அறிக்கை வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும் குறுகிய கெடு இருக்கலாம். அதனால் 14 நாள் முடிந்ததும் வங்கிக்குப் போய்விடுங்கள். மின்னஞ்சலைப் பிரித்து எழுதியதன் பலன் இங்கேயும் தெரியும். வங்கியின் படிவத்திலும் இரண்டு கட்டணத்துக்கும் வேறு வேறு காரணம் குறிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். சார்ஜ்பேக் போட்டால் நிறுவனம் உங்கள் கணக்கை முடக்கிவிடலாம். சேவையைத் தொடர விரும்புகிறவர்கள் முதலில் மின்னஞ்சல் வழியை முழுதாக முயன்று பார்ப்பது நல்லது. வங்கியே உங்கள் புகாரை நியாயமில்லாமல் தள்ளிவிட்டது என்று நினைத்தால், அதன் இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இந்த அமைப்பில் பயனீட்டாளர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

நிறுவனத்தின் மீதே நடவடிக்கை எடுக்க பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 5 ரிங்கிட் கட்டி மனு போடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம். மனுவுக்கான கெடு 3 ஆண்டு. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். உங்கள் ரசீதின் அடியில் இருக்கும் நிறுவனம் மலேசியாவில் பதிவானது என்றால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டு முகவரி மட்டும் இருந்தால், நோட்டீஸ் சேர்ப்பதும் தீர்ப்பை நிறைவேற்றுவதும் சிரமம். அப்படிப்பட்ட சேவைகளுக்கு வங்கி வழிதான் நடைமுறையில் பலன் தரும்.

எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால், பினாங்கு மக்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. ஜார்ஜ்டவுனில் 1969 முதல் இயங்கி வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பொதுமக்களின் புகார்களைக் கேட்டு உதவுகிறது. "பயனீட்டாளர் குரல்" என்ற தமிழ் இதழை வெளியிட்டு வந்த சங்கம் என்பதால், தமிழிலேயே விஷயத்தைச் சொல்லலாம். போகும்போது அந்த மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதில்களையும் அச்சடித்துக் கொண்டு போங்கள்.

அடுத்த முறை எந்தச் சந்தாவை நிறுத்தினாலும் மூன்று வேலை செய்துவிடுங்கள். சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டும் கடைசிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று அன்றைக்கே பாருங்கள். வராவிட்டால் அது ரத்து ஆகவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். பிறகு, அடுத்த கட்டணத் தேதிக்கு மறுநாள் வங்கிச் செயலியைப் பார்க்க போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அன்று ஒரு வரி ஏறியிருந்தால், 120 நாளில் ஒரு நாள்தான் போயிருக்கும்.